இரண்டு புள்ளி கூடுதல்: வெற்றியா, வினாத்தாளின் தயவா?

பெலெபெலெ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை எழுதுவது மனிதர்கள் இல்லை, கணினியில் ஓடும் மொழி மாடல்கள். ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, அதைப் பற்றி ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் தருவார்கள். பத்தி புரிந்தால்தான் சரியான விடையைத் தொட முடியும். மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட இந்தத் தேர்வு 122 மொழி வடிவங்களில் கிடைக்கிறது. எல்லா மொழிகளுக்கும் அதே 900 கேள்விகள்தான். தமிழும் அதில் உண்டு.

இப்போது ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். தேர்வு உண்மையானது, கீழே வரும் மதிப்பெண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஒரு குழுவிடம் ஏற்கெனவே ஒரு மாடல் இருக்கிறது. அது தமிழ்க் கேள்விகள் 900இல் 666ஐச் சரியாகச் சொல்கிறது, அதாவது 74 சதவீதம். சில மாதங்கள் உழைத்துப் புதிய மாடல் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அது 684 கேள்விகளுக்குச் சரியாக விடை தருகிறது, அதாவது 76 சதவீதம். வித்தியாசம் 18 கேள்வி, சதவீதக் கணக்கில் 2 புள்ளி. புதியதுதான் சிறந்தது என்று அறிவித்துவிடலாமா?

வழக்கமாக அறிவித்துவிடுகிறார்கள். தரவரிசைப் பட்டியல்களில் முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே அரைப் புள்ளிகூட இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் அச்சாகியிருக்கும். அந்த இலக்கங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மட்டும் எங்கும் இருக்காது.

சந்தேகம் எங்கே என்றால், 900 கேள்விகளும் யாரோ தேர்ந்தெடுத்தவை. அதே ஆட்கள், அதே முறையில், வேறு 900 கேள்விகளைத் தயாரித்திருக்க முடியும். பள்ளியில் ஏறக்குறைய சம திறமையுள்ள இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாத்தாளில் ஒருவர் இரண்டு மதிப்பெண் முந்துவார், அடுத்த தாளில் மற்றவர் முந்துவார். எந்தப் பாடத்திலிருந்து கேள்வி விழுந்தது என்பதைப் பொறுத்தது அது. நம் புதிய மாடலின் 18 கேள்வி முன்னிலையும் அப்படி விழுந்ததாக இருக்கலாம். வேறு வினாத்தாள் வைத்தாலும் அது முந்துமா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

நேர்வழி, இன்னும் ஆயிரம் வினாத்தாள்களைத் தயாரித்து ஒவ்வொன்றிலும் இரண்டு மாடல்களையும் ஓட்டிப் பார்ப்பது. ஒரு வினாத்தாளுக்கே நாக்குத் தள்ளும்போது ஆயிரத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் பிராட்லி எஃப்ரான் 1979இல் எழுதிய கட்டுரை கைகொடுக்கிறது. அதில் அவர் சொன்ன முறைக்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர். பல துறைகளில் கால்பதித்த அந்த ஒரு யோசனைக்காகவே அவருக்குப் புள்ளியியலின் சர்வதேசப் பரிசு 2018இல் அறிவிக்கப்பட்டது.

ஒரே தாளிலிருந்து ஆயிரம் தாள்கள்

யோசனை கேட்பதற்கு ஏமாற்று வேலை போலத் தோன்றும். கையில் இருக்கும் 900 கேள்விகளையும் ஒவ்வொரு சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். கண்ணை மூடி ஒரு சீட்டை எடுங்கள், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சீட்டைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். பிறகு குலுக்கி அடுத்த சீட்டை எடுங்கள். இப்படி 900 முறை எடுத்துக் குறித்தால் ஒரு புதிய வினாத்தாள் கிடைக்கும். அதில் சில கேள்விகள் இரண்டு முறை, மூன்று முறை வந்திருக்கும். சில கேள்விகள் வந்தே இருக்காது. சராசரியாகப் பார்த்தால் மூலத்தாளின் கேள்விகளில் சுமார் 63 சதவீதம் ஒரு முறையாவது தலைகாட்டும், மீதி 37 சதவீதம் விடுபட்டுப்போகும்.

எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. போடாமல் எடுத்துக்கொண்டே போனால் 900ஆவது சீட்டில் பெட்டி காலியாகும். கிடைப்பது அதே 900 கேள்விகள், வரிசை மட்டும் மாறியிருக்கும். மதிப்பெண் இம்மியும் மாறாது. திரும்பப் போடும்போதுதான் தாளுக்குத் தாள் கலவை மாறுகிறது: ஒரு தாளில் கடினமான கேள்விகள் சற்றுக் கூடுதலாக விழும், இன்னொன்றில் எளிதானவை.

இந்தப் புதிய தாளில் மாடல்களை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு எந்த மாடல் என்ன செய்தது என்பது ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தப் பதிவிலிருந்து இரண்டு மாடல்களின் மதிப்பெண்களையும் கூட்டி, வித்தியாசத்தை எழுதிக்கொண்டால் போதும். இதையே பத்தாயிரம் முறை செய்தால் பத்தாயிரம் வித்தியாசங்கள் கிடைக்கும். சிறியதிலிருந்து பெரியது வரை அவற்றை அடுக்கி, கீழே 250ஐயும் மேலே 250ஐயும் ஒதுக்கினால், நடுவில் மிஞ்சும் 9,500 வித்தியாசங்கள் எங்கிருந்து எங்கே வரை பரவியிருக்கின்றனவோ, அதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. மடிக்கணினியில் ஒரு நொடி வேலை.

இல்லாத புதுத் தகவலை இது எங்கிருந்து கொண்டுவருகிறது? எங்கிருந்தும் இல்லை. புதிய மாடலின் உண்மையான முன்னிலை எவ்வளவு என்பதை இந்தக் குலுக்கல் திருத்திச் சொல்லாது; பத்தாயிரம் வித்தியாசங்களின் சராசரி அதே 2 புள்ளியில்தான் வந்து நிற்கும். அது சொல்வது அந்த 2 எவ்வளவு ஆடக்கூடியது என்பதை. நம் 900 கேள்விகள், எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லாக் கேள்விகளிலிருந்தும் எடுத்த ஒரு மாதிரி. குலுக்கலில் கிடைத்த தாள், அந்த 900இலிருந்து எடுத்த மாதிரி. இரண்டாவது மாதிரி முதலாவதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்கு முதலாவதும் முழுத் தொகுதியிலிருந்து விலகியிருக்கும் என்பது எஃப்ரானின் அடிப்படை. மாதிரி போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது இது சரியாக வேலை செய்கிறது என்பதற்குக் கணித நிறுவல்களும் உண்டு.

மதிப்பெண் ஒன்றே, தீர்ப்பு வேறு

இப்போது நம் இரண்டு மாடல்களுக்கு வருவோம். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகக் குலுக்கல் நடத்தி, தனித்தனி இடைவெளி கண்டுபிடிப்பார்கள். பழைய மாடலுக்கு 71.1 முதல் 76.9 வரை என்று வரும். புதியதற்கு 73.2 முதல் 78.8 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஆகவே வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அது அவசரத் தீர்ப்பு. இரண்டு மாடல்களும் எழுதியது ஒரே தாள். தாள் கடினமாக விழுந்தால் இரண்டின் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும், எளிதாக விழுந்தால் சேர்ந்து ஏறும். அந்தப் பொது ஏற்ற இறக்கம் வித்தியாசத்தைத் தொடாது. தனித்தனி இடைவெளிகளோ அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தம்மேல் சுமந்துகொண்டு வீங்கிக் கிடக்கின்றன. அதனால் சீட்டை எடுக்கும்போது ஒரே சீட்டு இரண்டு மாடல்களுக்கும் பொருந்த வேண்டும்: 417ஆம் கேள்வி விழுந்தால், பழையதன் விடையும் புதியதன் விடையும் சேர்ந்தே வர வேண்டும். இதை இணை பூட்ஸ்ட்ராப் என்று சொல்லலாம்.

இணையாகப் பார்க்கத் தொடங்கியதும் ஒன்று தெளிவாகும். இரண்டு மாடலும் சரியாகச் சொன்ன கேள்விகளும், இரண்டும் தவறிய கேள்விகளும் வித்தியாசத்துக்கு எதையும் கொடுப்பதில்லை. ஒன்று சரியாகச் சொல்லி மற்றது தவறிய கேள்விகள்தான் கணக்கில் நிற்கின்றன. 666, 684 என்ற மொத்தங்களுக்குப் பின்னால் அந்தக் கேள்விகள் எத்தனை என்பது நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

ஒரு நிலைமையைப் பாருங்கள். இரண்டும் சரியாகச் சொன்னவை 641. இரண்டும் தவறியவை 191. புதியது மட்டும் சரியாகச் சொன்னவை 43, பழையது மட்டும் சரியாகச் சொன்னவை 25. கூட்டிப் பாருங்கள்: பழையதற்கு 666, புதியதற்கு 684. மாடல்கள் கருத்து வேறுபட்ட கேள்விகள் மொத்தம் 68தான். ஒவ்வொரு கேள்விக்கும் புதியது வென்றால் +1, பழையது வென்றால் −1, சமம் என்றால் 0 என்று எழுதிக்கொண்டால், கணினிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
d = np.repeat([1, -1, 0], [43, 25, 832])
m = [rng.choice(d, size=900).mean() * 100 for _ in range(10000)]
print(np.percentile(m, [2.5, 97.5]))
```

இடைவெளி ஏறக்குறைய 0.2 முதல் 3.8 வரை என்று வரும். பூஜ்யம் அதற்குள் இல்லை. பத்தாயிரம் குலுக்கலில் புதியது முந்தாமல் போனவை நூற்றுக்கு ஒன்றரை அளவில்தான் இருக்கும். புதியது மேல் என்று சொல்ல நியாயம் இருக்கிறது. எவ்வளவு மேல் என்பது மட்டும் இன்னும் மங்கலாகவே இருக்கிறது: ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சிறியதாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 4 புள்ளியாகவும் இருக்கலாம்.

இன்னொரு நிலைமை. இரண்டும் சரி 585, இரண்டும் தவறு 135, புதியது மட்டும் 99, பழையது மட்டும் 81. மொத்தங்கள் அதே 666, 684. தரவரிசைப் பட்டியலில் இந்த ஜோடிக்கும் முந்தைய ஜோடிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் இங்கே மாடல்கள் 180 கேள்விகளில் முரண்படுகின்றன. புதிய மாடல் பழையதன் மேம்பட்ட வடிவம் என்பதைவிட, வேறொரு சுபாவம் கொண்ட மாடல் என்று சொல்லலாம். இங்கே பெற்று அங்கே இழக்கிறது. நிரலில் 43, 25, 832 இருந்த இடத்தில் 99, 81, 720 என்று மாற்றி ஓட்டினால் இடைவெளி சுமார் −0.9 முதல் 4.9 வரை விரியும். பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. குலுக்கல்களில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகப் புதியது முந்தத் தவறுகிறது. வேறு வினாத்தாளில் பழையது முந்தினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வெறும் சதவீதத்தை மட்டும் வெளியிட்டு, கேள்விவாரி விடைகளை வெளியிடாத எந்த ஒப்பீட்டையும் வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரையோடு இணைக்க வேண்டிய கோப்பு ஒன்றே ஒன்று என்றால், நான் அந்தக் கேள்விவாரி விடைப் பட்டியலைத்தான் கேட்பேன்.

சரி, தவறு என்று இரண்டே விடை இருக்கும் இடத்தில் இதற்குப் பழைய சூத்திரங்கள் உண்டு. 1947இல் மெக்நெமர் கொடுத்த சோதனை இதே 43ஐயும் 25ஐயும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய இதே பதிலைத் தரும். பூட்ஸ்ட்ராப் இல்லாமல் முடியாது என்ற நிலை வருவது சூத்திரம் கைக்கு அடங்காத இடத்தில். இயந்திர மொழிபெயர்ப்பு அதற்கு நல்ல உதாரணம். அங்கே 2002இல் வந்த ப்ளூ என்ற அளவுகோல் புழங்குகிறது. இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பில் உள்ள சொற்களும் சொற்றொடர்களும் மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எவ்வளவு பொருந்துகின்றன என்று தாள் முழுவதற்கும் எண்ணி, கூட்டி, பிறகு வகுப்பார்கள். மொழிபெயர்ப்பு குட்டையாக இருந்தால் தண்டனையும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பதல்ல இது. அதனால் சராசரிகளுக்கான பாடநூல் சூத்திரம் எதுவும் இதற்கு நேராகப் பொருந்தாது. பூட்ஸ்ட்ராப்புக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. வாக்கியங்களைக் குலுக்கி எடு, கிடைத்த தாளுக்கு ப்ளூவைக் கணக்கிடு, வித்தியாசத்தை எழுது. அளவுகோல் எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் இதே மூன்று படிதான்.

இதை மொழிபெயர்ப்புத் துறையில் நிலைநாட்டியது ஃபிலிப் கோன் 2004இல் எழுதிய கட்டுரை. அவர் முறையைச் சொன்னதோடு நிற்காமல் அதைச் சோதித்தும் பார்த்தார். 30,000 வாக்கியங்கள் கொண்ட பெரிய தொகுப்பில் எந்த மொழிபெயர்ப்பு மென்பொருள் உண்மையில் மேல் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு 300 வாக்கியச் சிறு தாள்களில் பூட்ஸ்ட்ராப் சொல்லும் தீர்ப்பு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். இன்று அந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் sacrebleu என்ற கருவியில் `--paired-bs` என்று தட்டச்சு செய்தாலே இந்தக் கணக்கு முழுவதும் வந்துவிடுகிறது. இவ்வளவு எளிதான பிறகும் செய்யாமல் விடுபவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல?

எதைச் சீட்டில் எழுதுவது?

செய்தாலும் தவறாகச் செய்ய வாய்ப்புண்டு. அதில் அதிகம் நடக்கும் தவறு, சீட்டில் எதை எழுதுவது என்பதில் நேர்வது.

பெலெபெலெயின் 900 கேள்விகளும் 488 பத்திகளிலிருந்து வந்தவை. ஒரு பத்திக்கு ஒன்று அல்லது இரண்டு கேள்விகள். ஒரு பத்தியைப் புதிய மாடல் தெளிவாகப் புரிந்துகொண்டு பழைய மாடல் தடுமாறியிருந்தால், அந்தப் பத்தியின் இரண்டு கேள்விகளிலும் புதியது முந்த வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அவை இரண்டு தனித்தனிச் சாட்சியங்கள் இல்லை, ஒன்றரைச் சாட்சியம் என்று வேண்டுமானால் சொல்லலாம். கேள்வியைச் சீட்டில் எழுதிக் குலுக்கினால் அவற்றை முழுச் சாட்சியமாக எண்ணிவிடுகிறோம். இடைவெளி உள்ளதைவிடக் குறுகலாகத் தெரியும். சரியான வழி, பத்தியைச் சீட்டில் எழுதுவது. 488 சீட்டுகள், ஒரு பத்தி விழுந்தால் அதன் கேள்விகள் அத்தனையும் கூடவே வரும்.

முன்பு பார்த்த முதல் நிலைமையில் இது என்ன செய்யும்? ஒரே பத்தியின் இரண்டு கேள்விகளிலும் வித்தியாசங்களுக்கு இடையே 0.2 அளவு ஒட்டுறவு இருப்பதாக வைத்துக்கொண்டால், இடைவெளி சுமார் பத்தில் ஒரு பங்கு விரியும். 0.2 என்று இருந்த கீழ்முனை கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டுவிடும். பத்திக்கு இரண்டு கேள்விக்கு மேல் இல்லாததால் பாதிப்பு இவ்வளவோடு நிற்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சோதிக்கும்போது கதையே வேறு. இருபது பேர் ஆளுக்கு ஐம்பது வாக்கியம் பேசிய பதிவு என்றால், ஆயிரம் வாக்கியம் என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் ஒருவருடைய உச்சரிப்பு மென்பொருளுக்குப் பிடிபடவில்லை என்றால் ஐம்பதும் சேர்ந்தே கெடும். அங்கே குலுக்க வேண்டியது பேசியவர்களை. ஆயிரம் சீட்டு என்று நினைத்தது இருபது சீட்டாகிவிடும், இடைவெளியும் அதற்கேற்றபடி பெருத்துவிடும். வாக்கியங்களைக் குலுக்கியதாகச் சொல்லும் ஒரு பேச்சு ஆய்வைப் பார்த்தால், பேசியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் தேடுங்கள்.

இதிலிருந்து கிளைக்கும் இன்னொரு கண்ணி இருக்கிறது. 122 மொழி வடிவங்களில் நூறில் எங்கள் மாடல் முந்தியது என்று ஒருவர் சொன்னால், நூறு தனித்தனி வெற்றிகள் போல ஒலிக்கும். எல்லா மொழியிலும் இருப்பது அதே 900 கேள்விகளின் மொழிபெயர்ப்புதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கேள்விகளின் கலவை ஒரு மாடலுக்குச் சாதகமாக விழுந்திருந்தால், அந்தச் சாதகம் நூறு மொழிக்கும் சேர்ந்தே போயிருக்கும்.

குலுக்கலின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. பத்தாயிரம் போதாது, பத்து லட்சம் குலுக்கினால் இடைவெளி குறுகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குறுகாது. குலுக்கலைக் கூட்டினால் இடைவெளியின் முனைகள் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆடாமல் நிலைப்படும், அவ்வளவே. இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது கேள்விகளின் எண்ணிக்கை.

கேள்விகள் மிகக் குறைவாக இருந்தால் முறையே கைவிட்டுவிடும். முப்பது கேள்விகள், மாடல் முப்பதையும் சரியாகச் சொல்லிவிட்டது என்று வையுங்கள். எப்படிக் குலுக்கினாலும் சரியான விடை மட்டுமே விழும். 100 முதல் 100 வரை என்று அகலமே இல்லாத இடைவெளி வந்து நிற்கும். மாடல் ஒருபோதும் தவறாது என்று அதற்கு அர்த்தமா? உண்மையில் பத்துக்கு ஒன்று அளவுக்குத் தவறும் மாடல்கூட முப்பது கேள்வித் தாளில் ஒன்றும் தவறாமல் தப்பிப்பதற்கு 4 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெட்டியில் இல்லாத சீட்டைப் பூட்ஸ்ட்ராப் எடுக்க முடியாது. இருபது, முப்பது உதாரணங்களை வைத்துக்கொண்டு பூட்ஸ்ட்ராப் இடைவெளி போட்டிருந்தால் அதை உள்ளதைவிடக் குறுகலானதாகவே கருதுங்கள்.

95 சதவீதம் என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். உண்மையான வித்தியாசம் 0.2க்கும் 3.8க்கும் நடுவே இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு என்று பலரும் வாசிக்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அந்த 95 இந்த ஒரு இடைவெளியின் குணம் இல்லை, முறையின் குணம்: இதே முறையில் பல தாள்களுக்கு இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான வித்தியாசத்தைப் பிடித்திருக்கும். அப்படியென்றால் நூற்றில் ஐந்து தப்பவிட்டிருக்கும். இருபது புதிய மாடல்களைச் செய்து, எல்லாவற்றையும் அதே 900 கேள்விகளில் ஓட்டி, அதிக மதிப்பெண் எடுத்ததை மட்டும் மேடையேற்றி இடைவெளி போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. அதிர்ஷ்டத்தையே சலித்து எடுத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்க ஒரு தாள், தீர்ப்புக்கு அதுவரை தொடாத இன்னொரு தாள் என்று பிரித்து வைத்தால்தான் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு.

மாடலின் தயாரிப்பிலும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. பயிற்சியைத் தொடங்கும்போது எண்கள் தற்செயலாக இடப்படுகின்றன. உதாரணங்கள் எந்த வரிசையில் காட்டப்படுகின்றன என்பதும் தற்செயல். அதே செய்முறையில் மறுபடி பயிற்றுவித்தால் சற்றே வேறு மாடல் கிடைக்கும், சில சமயம் ஓரிரு புள்ளிகூட மாறும். கேள்விகளைக் குலுக்கும் பூட்ஸ்ட்ராப்புக்கு இது தெரியவே தெரியாது. கையில் இருக்கும் இந்தப் புதிய மாடல் அந்தப் பழைய மாடலைவிட மேலா என்பதற்குத்தான் அது பதில் சொல்கிறது. புதிய செய்முறை பழைய செய்முறையைவிட மேலா என்று கேட்டால், ஒவ்வொன்றையும் பல முறை பயிற்றுவித்து அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் கண்டுவிட்டு, இரண்டாவதற்கு விடை சொன்னதாக எழுதிவிடுகின்றன.

தாளே சாய்ந்திருந்தால் எந்தக் குலுக்கலும் அதைக் காட்டிக்கொடுக்காது. பெலெபெலெயின் பத்திகள் ஃப்ளோரெஸ் என்ற தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. விக்கிநியூஸ், விக்கிவாயேஜ், விக்கிஜூனியர் ஆகிய தளங்களின் ஆங்கில வாக்கியங்களே அதன் மூலம். கேள்விகளும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு மனிதர்களால் மொழிபெயர்க்கப்பட்டவை. அதாவது அந்தத் தமிழ், செய்தியும் பயணக் குறிப்பும் சிறுவர் பாடமும் கலந்த, மொழிபெயர்ப்பில் பிறந்த தமிழ். 0.2 முதல் 3.8 வரை என்ற இடைவெளி அந்த மாதிரித் தமிழுக்குச் செல்லுபடியாகும். வாட்ஸ்அப்பில் பாதி ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழுக்கோ, வட்டாட்சியர் அலுவலக மனுவின் தமிழுக்கோ, யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கோ புதிய மாடல்தான் மேல் என்று சொல்ல இந்த எண்ணில் ஆதாரம் இல்லை. மாடல் பயிற்சியின்போதே இந்தக் கேள்விகளைப் பார்த்துவிட்டிருந்தால் இடைவெளி இன்னும் அழகாக வரும், அதன் மதிப்பு மட்டும் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு நல்ல அறிக்கையில் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வரி போதும்: வித்தியாசம் 2.0 புள்ளி, 95 சதவீத இடைவெளி இன்னதிலிருந்து இன்னது வரை, இணை பூட்ஸ்ட்ராப், பத்திவாரியாகக் குலுக்கியது, 10,000 முறை. இடைவெளியில் பூஜ்யம் விழுந்துவிட்டால் இரண்டும் சமம் என்று எழுதிவிடக் கூடாது. இந்தத் தாளால் தீர்மானிக்க முடியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். −0.9 முதல் 4.9 வரை என்ற இடைவெளி, சமம் என்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ, 4 புள்ளி முன்னிலை என்பதோடும் அவ்வளவு ஒத்துப்போகிறது.

தீர்மானிக்க எவ்வளவு பெரிய தாள் வேண்டும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடலாம். இடைவெளியின் அகலம் கேள்வி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. பாதியாக்க வேண்டுமென்றால் கேள்விகள் நான்கு மடங்காக வேண்டும். நம் முதல் நிலைமை போல இரண்டு மாடல்களும் நூற்றுக்கு ஏழெட்டுக் கேள்விகளில் மட்டும் முரண்படுகின்றன என்று கொண்டால், வித்தியாசத்தை இருபுறமும் ஒரு புள்ளிக்குள் பிடிக்கச் சுமார் 2,900 கேள்விகள் தேவை. அரைப் புள்ளிக்குள் பிடிக்க 11,000க்கு மேல். தமிழுக்குப் பெலெபெலெயில் இருப்பது 900.